நிலுவைக்கு ஒரு கடிதம்: கெஞ்சாமலும் மிரட்டாமலும்

போன வருஷம் ஆனி மாதம், கண்மாயில் தண்ணீர் வற்றி வெடிப்பு விட்டிருந்த நேரம். திருமயத்தில் என் தோட்டத்துக்கு ஒரு தம்பி வந்தார். நம் கூட்டங்களுக்கு வருகிறவர்தான். வெளிநாட்டில் ஆறு வருஷம் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக நிலம் வாங்கியிருக்கிறார். நிலம் இங்கே இல்லை, வேறொரு வட்டத்தில். எந்த வட்டம், எந்த அலுவலகம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். மாசியில் பத்திரம் பதிவாகிவிட்டது. ஒரே புல எண்ணில் பாதியை மட்டும் வாங்கியதால் அளந்து உட்பிரிவு செய்துதான் பட்டா தர வேண்டும். உட்பிரிவுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. நாலு மாதம் ஆயிற்று. பட்டா வரவில்லை.

பட்டாவுக்கு அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் சேர நினைத்த விவசாயிகள் குழு ஆவணிக்குள் அங்ககச் சான்றளிப்புக்குப் பதிவு செய்வதாக இருந்தது. விண்ணப்பத்தோடு நில ஆவணம் வேண்டும். ஒருபோகப் பயிருக்கு மாற்றுக்காலம் இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று வருஷம் என்பது நமக்குத் தெரியும். பதிவு செய்த பிறகுதான் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். பதிவு தள்ளிப்போனால் ரசாயனம் போடாமல் உழைத்த காலமும் ஏட்டில் ஏறாமல் போகிறது.

நாலு மாதத்தில் ஒன்பது தடவை நேரில் போயிருக்கிறார். "அடுத்த வாரம் வாங்க", "சர்வேயர் லீவு", "மேடம் கேம்ப்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். கடைசித் தடவை சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "பாருங்க சார், இதைத்தான் அனுப்பப் போறேன்" என்றார்.

கடிதம் இப்படித் தொடங்கியது: "நான்கு மாதமாக எனது பட்டாவை இழுத்தடிக்கும் தங்கள் அலுவலகத்தின் மெத்தனப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறேன்." நடுவில், "பணத்தை எதிர்பார்த்தே காலம் கடத்துகிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும்." முடிவில், "ஏழு நாட்களுக்குள் பட்டா வழங்காவிட்டால் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருப்பேன், வழக்கும் தொடர்வேன்." அடியில் நகல் போகும் இடங்கள் பதினொன்று. முதலமைச்சரில் தொடங்கித் தொலைக்காட்சி வரைக்கும்.

இரண்டு பக்கம் எழுதியிருந்தார். விண்ணப்ப எண் எங்கேயும் இல்லை. பத்திர எண்ணும் இல்லை.

"தம்பி, இதை யார் படிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "தாசில்தார்" என்றார். இங்கேதான் நம்மில் பலருக்குத் தடுமாற்றம். கடிதம் வட்டாட்சியர் பெயருக்குப் போனாலும் அதை முதலில் பிரிப்பது தபால் பிரிவு. அங்கே முத்திரை குத்தி எண் போட்டு, எந்தப் பிரிவு எழுத்தரின் வேலையோ அவருக்கு அனுப்புவார்கள். அவர் தன்பதிவேட்டில் பதிந்துகொண்டு கோப்பைத் தேடி எடுத்து, குறிப்பு எழுதி, மேலே வைப்பார். வட்டாட்சியர் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பைத்தான். ஆகவே கடிதத்தின் முதல் வாசகர் அந்த எழுத்தர். நம் கடிதம் அவருக்கு ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். எந்தக் கோப்பு, என்ன கேள்வி, யாருக்குப் பதில் என்ற மூன்றும் ஒரு நிமிஷத்தில் அவர் கண்ணில் பட்டால் வேலை நடக்கும். தம்பியின் கடிதம் அவருக்குக் கொடுத்தது கோபம் ஒன்றைத்தான். கோபத்துக்கு ஒரு குறிப்பு எழுதலாம், கோப்பைத் தேட முடியாது.

இதை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். ஒரு கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். அடமானக் கடன் முடிந்த ஒரு பாட்டிக்கு மூலப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் தப்புதான். கிளை இடம் மாறியபோது பெட்டி மாறிப் போயிருந்தது. அதே சமயம் இன்னொருவரும் தன் பத்திரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் கடிதங்களில் வசவு இருக்கும். அந்தக் கடிதங்களை, "பதில் யோசித்து எழுதணும்" என்று நாங்கள் இழுப்பறையில் வைத்துவிடுவோம். பாட்டி, பேரனை விட்டு ஓர் உள்நாட்டுக் கடிதத்தில் நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார். கடன் எண், முடித்த தேதி, ரசீது எண், பிறகு "பத்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதினால் நானே வந்து வாங்கிக்கொள்வேன்." அதைப் படித்த அன்று சாயங்காலமே நான் எழுந்து போய்த் தேடினேன். அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க வழியில்லை. "எந்த இடத்தில் இருக்கிறது" என்றுதானே கேட்கிறார்? தெரியாது என்று எழுதவா முடியும்? இப்போது ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்து 30 நாளுக்குள் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. அந்த நாலு வரிதான் இருந்தது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ கெஞ்சச் சொல்றீங்களா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். கோபக் கடிதத்துக்கு மாற்று என்று நம் ஊரில் பழகியிருப்பது கெஞ்சல் கடிதம்தானே? என் மைத்துனர் ஒருவர் வாரிசுச் சான்றுக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "ஏழை விவசாயியாகிய அடியேன் தங்கள் பொற்பாதம் பணிந்து" என்று ஆரம்பித்து, மகளின் கல்யாணம், தன் சர்க்கரை வியாதி, பெய்யாத மழை எல்லாம் சொல்லி, "தாங்கள் பெரிய மனது வைத்துக் கிருபை செய்தால் ஆயுள் முழுதும் கடமைப்பட்டிருப்பேன்" என்று முடிகிறது. சமஸ்தான காலத்தில் எழுதிப் பழகியவர்களிடமிருந்து வந்த நடை இது. புதுக்கோட்டை 1948இல் இந்திய யூனியனோடு சேர்ந்த பிறகும் எங்கள் அப்பா தலைமுறை மகாராஜராஜஸ்ரீ போடாமல் ஒரு கடிதம் எழுதியதில்லை.

அந்தக் கடிதத்திலும் விண்ணப்ப எண் இல்லை, தேதி இல்லை. கோபமும் கெஞ்சலும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைக்கிறோம். எழுத்தர் மேஜையில் இரண்டும் ஒரே பிரச்சினைதான், கோப்பைக் கண்டுபிடிக்க முடியாத கடிதங்கள். கெஞ்சலில் இன்னொரு கெடுதலும் உண்டு. கட்டணம் கட்டி, ஆவணம் கொடுத்து, சட்டப்படி கேட்கிற ஒன்றை நாமே தயவாக மாற்றிவிடுகிறோம். தயவு என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

பிறகு இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து புதுசாக எழுதினோம். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அனுப்புநர், பெறுநர் போக, கடிதம் இது:

பொருள்: பட்டா மாறுதல் – உட்பிரிவு – விண்ணப்பம் நிலுவை – தற்போதைய நிலை தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கிரய ஆவண எண் ......, நாள் ......
2. பட்டா மாறுதல் விண்ணப்ப எண் ......, நாள் ......

ஐயா,

...... கிராமம், புல எண் ......இல் மேற்குப் பகுதி 0.42.0 ஹெக்டேர் நிலத்தைப் பார்வை 1இல் கண்ட ஆவணப்படி கிரயம் பெற்றுள்ளேன். உட்பிரிவு செய்து பட்டா வழங்கக் கோரும் எனது விண்ணப்பம் பார்வை 2இல் கண்டவாறு பதிவாகியுள்ளது. உட்பிரிவுக் கட்டணமும் செலுத்தியுள்ளேன். இன்று வரை புல அளவீட்டுக்கான அறிவிப்பு எனக்கு வரவில்லை.

விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது என்பதையும், என் தரப்பில் ஏதேனும் ஆவணம் குறைவாக இருப்பின் அதன் விவரத்தையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவீட்டு நாளைத் தெரிவித்தால் நான் களத்தில் உடனிருப்பேன்.

இந்நிலத்தை அங்ககச் சான்றளிப்புக்குப் பதிவு செய்ய ஆவணி மாதத்துக்குள் நில ஆவணம் தேவைப்படுகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு, ......

இணைப்பு: விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு நகல், கட்டண ரசீது நகல்.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் சண்டை போட்டோம். அந்தச் சண்டையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

"தாமதம்" என்று எழுத வேண்டும் என்றார் அவர். நான் "நிலுவை" என்று மாற்றினேன். தாமதம் என்றால் யாரோ ஒருவர் தாமதம் செய்தார் என்று பொருள். உடனே அலுவலகம் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். நிலுவை என்பது அந்த அலுவலகமே தன் பதிவேட்டில் எழுதுகிற சொல். அதில் குற்றச்சாட்டு இல்லை, ஆனால் உண்மை முழுதும் இருக்கிறது. கோப்பு முடியவில்லை என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லியாயிற்று. எத்தனை நாள் என்பதைப் பார்வையில் இருக்கிற தேதியே சொல்லிவிடும். "நான்கு மாதமாக" என்று நாம் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது "ஏன்". "ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்கக் கூடாதா?" என்றார். கேட்கலாம், பதில் வராது. ஏன் என்ற கேள்விக்கு ஒருவர் தன்னையோ சக ஊழியரையோ குறை சொல்லி எழுத வேண்டும். யாரும் எழுத மாட்டார்கள். "எந்த நிலையில் உள்ளது" என்று கேட்டால் கோப்பைப் பார்த்து ஒரு வரி எழுதிவிடலாம். அளவரிடம் இருக்கிறது, அளவுப் பிரிவில் சரிபார்ப்பில் இருக்கிறது, வட்டாட்சியர் உத்தரவுக்கு வைக்கப்பட்டுள்ளது என்று மூன்றில் ஒன்று. அந்த ஒரு வரியிலேயே நமக்கு "ஏன்" தெரிந்துவிடும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் பழகிப்போன "ஆவன செய்யுமாறு". கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஆவன செய்யுமாறு கேட்டால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். கடிதமும் முடிந்தது, பதிலும் முடிந்தது, பட்டா மட்டும் வரவில்லை. "உடனடியாக", "விரைந்து" என்பவையும் அப்படியே. தேதி உள்ள தேவை இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஆவணிக்குள் வேண்டும், எதற்காக வேண்டும் என்று நாங்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தோம். அது கெஞ்சலும் இல்லை, கெடுவும் இல்லை. வங்கிக் கடன், மின் இணைப்பு, சான்றளிப்பு என்று எதற்கு வேண்டும் என்பதைச் சொல்லலாம். வீட்டுக் கஷ்டத்தை விட்டுவிடலாம்.

வினைமுற்றிலும் கவனம் வேண்டும். "தெரிவிக்கவும்" என்றால் மேலதிகாரி கீழே எழுதுகிற நடை. "தெரிவித்தருளுமாறு" என்றால் பழைய நடை. "தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பது நடுவில் நிற்கிறது. குடிமகன் அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது நிற்க வேண்டிய இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாமும் குனிய வேண்டாம், அவரும் குனிய வேண்டாம்.

"என் தரப்பில் ஏதேனும் ஆவணம் குறைவாக இருப்பின்" என்ற வரிதான் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "நான் எல்லாம் குடுத்துட்டேன் சார். அவங்களுக்கு நாமளே சாக்கு எடுத்துக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு என்னவோ அந்த வரிதான் கடிதத்தின் உயிர் என்று பட்டது. வங்கியில் நின்றுபோன கோப்புகளில் நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் இல்லாமல் நிற்கும். அது இல்லை என்று விண்ணப்பித்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வரி இருந்தால் எழுத்தருக்கும் கௌரவமாக ஒரு வழி கிடைக்கிறது. "விட்டுவிட்டோம்" என்று ஒத்துக்கொள்ளாமலே, "இன்ன ஆவணம் தேவை" என்று எழுதலாம்.

லஞ்சப் பேச்சை முழுதாக எடுத்துவிட்டோம். யாராவது பணம் கேட்டார்களா என்று அவரிடம் நேராகவே கேட்டேன். "கேக்கல, ஆனா அதுக்குத்தான் இருக்கும்" என்றார். சந்தேகத்தைக் கடிதத்தில் எழுதினால் அது பட்டா பற்றிய கடிதமாக இருக்காது, புகார் மனுவாக மாறிவிடும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்பார்கள், அவர் எழுதிக் கொடுப்பார், அதை வைத்து ஒரு கோப்பு தனியாக ஓடும். பட்டா கோப்பு அப்படியே கிடக்கும். உண்மையிலேயே ஒருவர் பணம் கேட்டால் அதற்கு வழி வேறு. பணம் கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் போக வேண்டும். அதையும் இதையும் ஒரே தாளில் எழுதக் கூடாது.

பதினொரு நகலையும் அடித்துவிட்டேன். மேலே எங்கே அனுப்பினாலும் அந்த மனு கடைசியில் "தக்க நடவடிக்கைக்காக" என்று அதே எழுத்தரிடம்தான் இறங்கி வரும். நாலு இடத்துக்கு அனுப்பினால் நாலு எண்ணில் வரும். நாலுக்கும் பதில் எழுதுகிற வேலைதான் கூடுமே ஒழிய அளவர் நிலத்துக்கு வருகிற நாள் முந்தாது.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்த் தபால் பிரிவில் கொடுத்து, தன்னிடம் வைத்துக்கொள்ளும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். தபாலில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சேதி: 2025இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தொனி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரம் இல்லையென்றால் அடுத்த கடிதம் எழுத முடியாது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு வரிதான். விற்றவர் பெயரில் பட்டா இல்லை, இறந்துபோன அவர் தகப்பனார் பெயரிலேயே உள்ளது, ஆகவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. பத்திரத்தில் அக்கா தங்கை எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் தம்பி இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான் பார்த்திருந்தாலும் முதல் பார்வையில் விட்டிருப்பேனோ என்னவோ. ஒன்பது தடவை அலைந்தபோதும் இதை யாரும் சொல்லவில்லை. அவரும் "எப்ப வரும்" என்றுதான் கேட்டிருக்கிறார், "என்ன குறை" என்று கேட்கவில்லை.

வாரிசுச் சான்றுக்கு விற்றவரைப் பிடித்து விண்ணப்பித்து, அது வந்து, அளந்து, பட்டா கையில் கிடைத்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. ஆவணிப் பதிவு போய்விட்டது. கடிதத்தால் அந்த வருஷத்தை மீட்க முடியவில்லை. சித்திரையிலேயே இப்படி ஒரு கடிதம் போயிருந்தால் அந்தக் குழுவோடு பதிவாகியிருப்பார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போதும் குரலை உயர்த்த வேண்டாம். பார்வைப் பகுதியை நீட்டுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதும் இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சின்னதாக இருக்கட்டும். பார்வையில் மூன்றாவதாக முதல் கடிதத்தின் தேதியும் தபால் முத்திரை விவரமும் சேரும். நான்காவதாக ஓர் அரசாணையைச் சேர்க்கலாம். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, அரசாணை எண் 99, நாள் 21.9.2015. பொதுமக்கள் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்கிற ஆணை அது. அதைக் கடிதத்தின் உடலில் எழுதி, "இதை மீறியுள்ளீர்கள்" என்று சொல்லத் தேவையில்லை. பார்வையில் எண்ணும் தேதியும் இருந்தால் போதும், அலுவலகத்தில் இருப்பவருக்குப் புரியும். முதல் கடிதத்திலேயே இதைப் போடாதீர்கள். முதல் நாளே அரசாணையோடு வருகிறவர் சண்டைக்கு வருகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படி எடுத்துக்கொண்டவன்தான்.

அதற்கும் பதில் இல்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். அங்கேயும் ஆளைக் குறை சொல்ல வேண்டாம். "இரண்டு முறை எழுதியும் பதில் பெறப்படவில்லை" என்ற செயப்பாட்டு வினை நமக்கு உதவும். யார் பதில் தரவில்லை என்பதை அவர்களே தேடிக்கொள்வார்கள். இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983ஆம் வருஷத்துப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் வட்டாட்சியர் உத்தரவின் மேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஆனால் உத்தரவு என்று ஒன்று வந்தால்தான் மேல்முறையீடு. நம் கோப்பு நிலுவையில் கிடக்கிறபோது மேல்முறையீடு என்று தலைப்பிட்டு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005 இதற்கு நல்ல கருவி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் பலரும் அதில் "என் பட்டாவை ஏன் தரவில்லை, விளக்கம் தரவும்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் பதிவேட்டில் இருக்கிறதைத்தான் தரச் சொல்கிறது. காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ஏட்டைக் கேளுங்கள்: "விண்ணப்ப எண் ...... மீது, பெறப்பட்ட நாளிலிருந்து இன்று வரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் தேதிவாரி விவரமும், அக்கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலும் வேண்டும்." இதில் கோபம் எங்கே இருக்கிறது? ஆனால் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்பது அந்த நகலில் அப்படியே வந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி மதுரை அமர்வுக்குப் போகிறவர்களும் உண்டு. மனுவைக் குறித்த காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று கேட்பார்கள். அங்கே நீதிபதி முன்னால் வைக்கப்படுவது நாம் ஆனி மாதம் எழுதிய அதே கடிதத்தின் நகல்தான். வசவோடு எழுதியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் அவர் படிப்பார். தேதியும் எண்ணும் கேள்வியும் மட்டும் இருந்தால் நம் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்கள் திருமயம் மலையில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒரே பாறையைக் குடைந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் நடந்த பங்குத் தகராறு தீர்த்துவைக்கப்பட்டதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சின்ன வயசில் அங்கே போகும்போது சாமியைத்தான் பார்ப்பேன். இப்போது யாருக்கு எவ்வளவு என்று பதிந்து வைத்தவர்களைத்தான் நினைக்கிறேன்.

எல்லாக் கோப்பும் கடிதத்தால் நகரும் என்று நான் சொல்ல மாட்டேன். நிலத்தின் மேல் உரிமைத் தகராறு இருந்தால் வட்டாட்சியர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார், அது சரியும்கூட. ஒரு குறுவட்டத்துக்கு அளவரே இல்லையென்றால் நல்ல தமிழ் எழுதி அளவரை உண்டாக்க முடியாது. அந்த நிலைமையில் ஊரில் நாலு பேர் சேர்ந்து, "அளவர் பணியிடம் நிரப்ப வேண்டும்" என்று ஒரே ஒரு கோரிக்கையோடு தனியாக எழுதலாம். என் பட்டா, உன் பட்டா என்று அதில் கலக்காதீர்கள்.

தம்பி அடுத்த பதிவுக்குக் காத்திருக்கிறார். இந்தத் தடவை பட்டாவோடு கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் வர வேண்டும். ஒரு மாதமாகியும் வரவில்லையாம். நேற்று ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். அரைப் பக்கம். மாதிரி கொடுத்த தேதி, ரசீது எண், பிறகு "முடிவு தயாராகியிருந்தால் நேரில் பெற்றுக்கொள்கிறேன், எந்த நாள் வரலாம் எனத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." நான் திருத்த ஒன்றும் இல்லை. தேதி போட மறந்திருந்தார், அதை மட்டும் போடச் சொன்னேன்.